ஓடிபி அம்மா போனுக்குப் போகுதா?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு, கோயம்புத்தூர்ல வேலை. போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்துட்டேன், பேச்சியம்மாள்ங்கிற பேரை எஸ்தர்னு மாத்தணும். நெட் சென்டர்ல சர்ச் சர்டிபிகேட் வச்சு முதல்ல பான் கார்டுக்கு அப்ளை பண்ணேன், ரிஜெக்ட் ஆயிடுச்சு. ஆதார் ஓடிபி வேற ஊர்ல இருக்கற அம்மா போனுக்குத்தான் போகும், அவங்ககிட்ட இன்னும் எதுவும் சொல்லல. எதை முதல்ல மாத்தணும், எதை அப்புறம்?

பதில்: பான் கார்டை விடும்மா. அந்த ஓடிபி சமாச்சாரத்தை போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டியே, எனக்கு அங்கதான் கோவம் வருது. பேச்சியம்மாள் உன் பாட்டி பேராத்தான் இருக்கும், உன் அம்மாவோ அப்பாவோ ஆசையா வச்சிருப்பாங்க. நீ எந்த சாமிய கும்பிடறங்கறது உன் இஷ்டம், அதுல நான் தலையிட மாட்டேன், ஆனா ஒரு வருஷமா பெத்தவகிட்ட சொல்லாம வச்சிருக்கியே, அது தப்பு. இது மறையவும் மறையாது. ஆதார் விஷயமா வர்ற மெசேஜ் அவங்க போனுக்குப் போகும், புது பான் கார்டு ஸ்பீடு போஸ்ட்ல வரும், நீ ஊர் அட்ரஸ் குடுத்திருந்தா போஸ்ட்மேன் வாசல்ல நின்னு "எஸ்தர் யாரு?"ன்னு உன் அம்மாகிட்டதான் கேப்பாரு. மகளோட புது பேரை ஒரு தாய் போஸ்ட்மேன் வாயாலயா கேக்கணும்?

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ, கிறிஸ்தவளா இருக்கறதுக்கு பேரை மாத்தியே ஆகணும்னு எந்த சட்டமும் கிடையாது, திருநெல்வேலி பக்கம் தலைமுறை தலைமுறையா தமிழ்ப் பேரோட சர்ச்சுக்குப் போறவங்க எத்தனையோ பேர். அதையும் யோசிச்சிட்டு, அப்பவும் மாத்தணும்னா மாத்து.

மாத்தறதுன்னா கெசட்தான் முதல்ல, அதாவது அரசிதழ்ல பேர் மாறினதை வெளியிடணும். சர்ச் சர்டிபிகேட் நீ மதம் மாறினதுக்குத்தான் ஆதாரம், பான் ஆபீசுக்கு பேர் மாறினதுக்கு ஆதாரம் வேணும், அதனாலதான் உன்னை ரிஜெக்ட் பண்ணாங்க. தமிழ்நாடு அரசோட எழுதுபொருள் அச்சுத் துறையில பேர் மாற்றத்துக்குன்னே பாரம் இருக்கு, அதோட ஞானஸ்நான சர்டிபிகேட், பழைய பேருக்கான ஆதாரம், அட்ரஸ் ப்ரூப், போட்டோ எல்லாம் வச்சு குடுக்கணும். பாரத்துல இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை ஒரு தடவை முடிவு பண்ணிக்கோ, எஸ்தர்ல ஹெச் வருதா இல்லையான்னு. நம்மாளுங்க இனிஷியலோட எழுதி பழகிட்டோம், பான் கார்டுல இனிஷியல் ஏத்துக்க மாட்டாங்க, அப்பா பேரை முழுசா விரிச்சு கேப்பாங்க, அதனால கெசட்லயே முழுப் பேரா போட்டுடு. வந்ததும் எழுத்து எழுத்தா பாரு, அதுல ஒரு தப்பு இருந்தா பின்னாடி வர்ற எல்லாத்துலயும் அதே தப்புதான்.

அடுத்தது ஆதார். முழுப் பேர் மாத்தறதுனால கெசட்டும் பழைய பேர்ல உள்ள போட்டோ ஐடியும் கேப்பாங்க. ஆதார்ல பேரை வாழ்க்கையில ரெண்டு தடவைதான் மாத்த முடியும், முன்னாடியே ஸ்பெல்லிங் திருத்தியிருந்தா உனக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் மிச்சம். ஆதார் மாறினப்புறம் பான், ரெண்டும் லிங்க் ஆகியிருக்கறதால பேர் ஒண்ணா இருக்கணும். அப்புறம் அது ரெண்டையும் எடுத்துட்டு பேங்க், ஆபீஸ் ஹெச்ஆர் மூலமா பிஎஃப். வோட்டர் ஐடி, லைசென்ஸ் எல்லாம் இதுக்கு நடுவுல முடிச்சுக்கலாம். பாஸ்போர்ட் இருந்தா கடைசியா வச்சுக்கோ, புது பேர்ல மத்த ஐடி கையில இருந்தா ரீஇஷ்யூ சுலபம். பத்தாவது பன்னெண்டாவது மார்க் ஷீட்டையும் பர்த் சர்டிபிகேட்டையும் மாத்த அலையாத, கேக்கற இடத்துல கெசட் காப்பிய சேர்த்துக் குடு, அதனால அஞ்சாறு காப்பி எப்பவும் பத்திரமா இருக்கட்டும்.

உன் பேர் ஊர்ல குடும்ப ரேஷன் கார்டுல இருந்தா அதைத் திருத்தவும் அந்த கார்டுல பதிஞ்ச நம்பருக்குத்தான் ஓடிபி போகும், அது யாரு நம்பர்னு உனக்கே தெரியும். அம்மா பேங்க் டெபாசிட்ல நாமினியா உன் பேர் இருந்தா அதுவும் பேச்சியம்மாள்தான். நாளைக்கு அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்த கவுண்டர்ல எஸ்தரா நின்னு நான்தான் பேச்சியம்மாள்னு கெசட்டைக் காட்டி நிரூபிக்கணும். அவங்க இருக்கும்போதே கூட்டிட்டுப் போய் மாத்தினா ஒரே பாரத்துல முடியும், ஆனா அதுக்கு விஷயம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?

ஆதார்ல போன் நம்பரை உன் நம்பரா மாத்திக்கோ, சென்டருக்கு நேர்ல போனா போதும், ப்ரூப் எதுவும் வேண்டாம். ஆனா அம்மாகிட்ட சொல்லிட்டு மாத்து, மறைக்கறதுக்காக மாத்தாத. இந்த வாரக் கடைசியில ஊருக்கு பஸ் ஏறு. அழுவாங்க, ரெண்டு நாள் பேசாமகூட இருப்பாங்க, பக்கத்துலயே இரு. கெசட் பாரத்துல கையெழுத்து அதுக்கப்புறம் போடலாம்.