ஃப்ளேரில் வெள்ளைப் புள்ளி, டிஃப்யூஷனில் ஒன்றுமில்லை: அப்பாவுக்கு வந்தது ஸ்ட்ரோக்கா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, ஏற்காடு பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை. பி.பி. மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டார். போன செவ்வாய் காலை வலது கை மரத்து, பேச்சும் குளறியது. அரை மணியில் சரியாகிவிட்டது. மறுநாள் சேலத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஃப்ளேரில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன, டிஃப்யூஷனில் ரெஸ்ட்ரிக்‌ஷன் இல்லை என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள். இது ஸ்ட்ரோக்கா, இல்லையா? ஒரே தலைக்கு எதற்கு இத்தனை விதமான படம்? மருந்து ஊசி போட்டு மறுபடி எடுக்கணும் என்று ஸ்கேன் சென்டர் வாசலில் ஒருவர் சொன்னார், எடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இப்போது எடுக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அந்த வெள்ளைப் புள்ளிகள் செவ்வாய்க்கிழமை வந்தவை அல்ல. ரொம்ப வருஷமாக பி.பி. ஏறி இருந்ததில் மூளையின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் தடித்து, அவற்றைச் சுற்றி விழுந்த பழைய தழும்புகள். 60 தாண்டிய பி.பி.காரர்கள் பலருடைய படத்தில் இவை இருக்கும். பழசு என்று எப்படிச் சொல்ல முடிகிறது என்றால், அதற்குத்தான் பல விதமாக எடுப்பது.

எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் உடம்பில் உள்ள தண்ணீரைப் பார்த்து எடுக்கப்படுவது. டி2 என்ற படத்தில் தண்ணீர் எங்கே இருந்தாலும் வெள்ளையாகத் தெரியும். மூளைக்கு நடுவிலும் சுற்றிலும் இயல்பாகவே நீர் இருக்கிறது. அதுவும் வெள்ளை, அதன் ஓரத்தில் இருக்கும் தழும்பும் வெள்ளை. வெள்ளை வேட்டியில் சுண்ணாம்பு பட்ட மாதிரி, கண்ணுக்கு எட்டாது. ஃப்ளேர் என்பது அதே டி2தான், ஆனால் மூளை நீரின் சிக்னலை மட்டும் அடக்கி அதைக் கறுப்பாக்கிவிடுகிறது. வேட்டி கறுத்தால் சுண்ணாம்புக் கறை பளிச்சென்று தெரியும் இல்லையா, அப்படி. ஆனால் ஃப்ளேருக்கு வயது சொல்லத் தெரியாது. பத்து வருஷத் தழும்பும் வெள்ளை, நேற்று வந்த அடைப்பும் வெள்ளை.

வயதைச் சொல்வது டிஃப்யூஷன். நல்ல மூளையில் செல்களுக்கு இடையே தண்ணீர் தாராளமாக அலையும். ரத்தம் நின்றால் செல்கள் வீங்கி, நடுவில் இருக்கும் சந்து அடைபட்டுவிடும். ஆடிப் பண்டிகையில் கோட்டை மாரியம்மன் கோயில் தெருவில் மாட்டிக்கொண்டவர் நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தண்ணீரும் நகராமல் நிற்கும். அந்த இடம் டிஃப்யூஷனில் வெள்ளையாக ஒளிரும். ரெஸ்ட்ரிக்‌ஷன் என்று எழுதுவது இதைத்தான். அடைப்பு வந்து அரை மணி, ஒரு மணியிலேயே இது தெரிய ஆரம்பித்துவிடும். ஃப்ளேரில் தெரியப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஒரு சிக்கல் உண்டு. பழைய தழும்பிலும் நீர் அதிகம் என்பதால் டிஃப்யூஷனிலும் கொஞ்சம் வெள்ளை தட்டும். அது நிஜமா என்று பார்க்க ஏ.டி.சி. என்று ஒரு ஜோடிப் படம் கணக்கிடப்படும். டிஃப்யூஷனில் வெள்ளை, அதே இடம் ஏ.டி.சி.யில் கறுப்பு என்றால் புது அடைப்பு. அந்தக் கறுப்பு ஒரு வாரம், பத்து நாள் வரை இருக்கும். உங்கள் அப்பாவுக்கு எடுத்தது மறுநாளே. செவ்வாய்க்கிழமை மூளையில் ஒரு பகுதி செத்திருந்தால், அநேகமாக இதில் மாட்டியிருக்கும்.

அப்படியென்றால் ஒன்றுமில்லையா? இல்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள். கை மரத்து, பேச்சுக் குளறி, அரை மணியில் தெளிந்தது என்றால், ரத்தக்கட்டி ஒன்று குழாயை அடைத்துத் தானாகக் கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். மூளை சாகும் முன் ரத்தம் திரும்பிவிட்டதால் படத்தில் தடம் இல்லை. மினி ஸ்ட்ரோக் என்று சொல்வது இதை. பெரிய அடைப்பு அடுத்து வரும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் அதிகம். ரிப்போர்ட்டைப் பீரோவில் வைக்காமல் இன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கழுத்துக் குழாய் டாப்ளர், ஈ.சி.ஜி., சர்க்கரை, கொழுப்பு பார்த்து மாத்திரை தொடங்குவார்.

டிஃப்யூஷன் சுத்தமாக இருந்தும் ஸ்ட்ரோக் இருக்கும் ஓர் இடம் உண்டு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நோயாளிகள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். மூளைத்தண்டு. அங்கே வரும் சின்ன அடைப்பு முதல் 24 மணி நேரத்தில் டிஃப்யூஷனில் தெரியாமலே போகலாம். ஒரு பூக்காரம்மா, ஐம்பது வயதிருக்கும். திடீர்த் தலைசுற்றல், வாந்தி, சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. நாலு மணி நேரத்துக்குள் ஸ்கேன், படம் சுத்தம். காதுக் கோளாறு என்று அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் விழுங்க முடியாமல் திரும்பி வந்தபோது நான் படம் பார்த்தேன். மூளைத்தண்டின் அடியில் மிளகு அளவு வெள்ளை, ஏ.டி.சி.யில் கறுப்பு. முதல் நாள் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தால் ‘எம்.ஆர்.ஐ. பிரெயின்’ என்று இரண்டே வார்த்தை. நடக்க முடியவில்லை, எந்த நேரம் ஆரம்பித்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த இடத்தை மெல்லிய வெட்டாக எடுத்திருப்பார்கள், மறுபடி வரச் சொல்லியும் எழுதியிருப்பார்கள். இருபது வருஷமாக இந்த இரண்டு வார்த்தைச் சீட்டோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது. சீட்டில் எழுதாவிட்டாலும், ஸ்கேன் அறையில் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்போது அந்த வாசல்காரர் விஷயம். மருந்து ஊசி என்பது மூளைக் கட்டி, கிருமித் தொற்று போன்றவற்றைப் பார்க்கத்தான் பெரும்பாலும் தேவை. பழைய தழும்பைத் தெரிந்துகொள்ள அது வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் போடுமுன் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்க்க வேண்டும், அதெல்லாம் வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. கமிஷன் மட்டும் தெரியும். ‘ஸ்கிரீனிங் மட்டும் பாதி விலை’ என்பவரும் இதே வகை. இரண்டு படம் எடுத்து, டிஃப்யூஷனை விட்டுவிடுவார்கள். டிஃப்யூஷன் எடுக்க ஒன்றிரண்டு நிமிஷம்தான். அதை விட்டுவிட்ட படத்தை வைத்து ஸ்ட்ரோக் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபிலிமோடு திருப்திப்படாதீர்கள். ஃபிலிமை மிச்சம் பிடிக்க ஏ.டி.சி.யை அச்சடிக்காமல் விடுவது எங்கள் தொழிலில் சகஜம். சி.டி. கேட்டு வாங்குங்கள், அது இல்லாததால்தான் அடுத்த ஆஸ்பத்திரியில் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் FLAIR, DWI, ADC என்று மூன்று பெயரும் இருக்க வேண்டும், DWI என்பதுதான் டிஃப்யூஷன்.

மறுபடி கை மரத்தால் தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கவே முக்கால் மணிக்கு மேல் ஆகிவிடும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. அப்பா கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். டிஃப்யூஷனில் தெரிந்து ஃப்ளேரில் இன்னும் தெரியவில்லை என்றால் அடைப்பு நாலரை மணிக்குள் வந்திருக்கலாம் என்று கணக்கிட்டு, நேரம் தெரியாதவருக்கும் அந்த ஊசி போட வழி உண்டு. 2018இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு இதற்குப் பலன் இருப்பதைக் காட்டியது.