மட்டக்களப்பிலிருந்து நேர் கிழக்கே

"என் மகனுக்கு ஒன்பது வயது. தேசப்படத்தில் விரலை வைத்து ஊர் ஊராகப் போவதுதான் அவனுக்கு விளையாட்டு. தூர நாடுகளைப் பற்றி ஓயாமல் கேட்கிறான். எந்த மாதிரியான அட்லஸ் வாங்கிக் கொடுக்கலாம்?"

எதை வாங்கினாலும் கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள். பொலித்தீன் உறை போட்டு ஒட்டியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பார்க்காமல் வாங்கி, பிள்ளையின் முகம் வாடியதைக் கண்டவன் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் மகனைப் போலத்தான் என் மகளும். இப்போது பத்து வயது. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை கல்லடிக் கடற்கரையில் நின்றுகொண்டு, "அப்பா, இங்கிருந்து நேரே கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் முதலில் யாருடைய ஊர் வரும்?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அந்தக் கடலைப் பார்த்து வருகிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. பர்மாவாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். அது பிழை.

அடுத்த வாரமே நகரத்துக்குப் போய் ஒரு புத்தகம் வாங்கினேன். (கடையில் அட்லஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பெயரில் கொப்பியும் பேனையும் வருவதால் அவற்றைத்தான் எடுத்துத் தருவார்கள். தேசப்படப் புத்தகம் என்று கேளுங்கள்.) பளபளப்பான பெரிய புத்தகம். ஒவ்வொரு நாட்டின் மேலும் கொடி, ஆபிரிக்காவின் மேல் சிங்கம், அவுஸ்திரேலியாவின் மேல் கங்காரு. மகள் ஒரே மூச்சில் புரட்டிவிட்டு, "இதில் நம்முடைய ஊர் எங்கே?" என்றாள். இலங்கை பெருவிரல் நகமளவுக்கு இருந்தது. கொழும்பு மட்டும் குறித்திருந்தது. அகலக்கோடும் இல்லை, நெடுங்கோடும் இல்லை. கோடுகள் இல்லாத தேசப்படத்தில் கிழக்கு எது என்று ஒரு பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? சிங்கத்தைப் பார்த்து மகிழும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் நல்லதுதான். வழி தேடும் பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை.

பிறகு பழைய புத்தகக் கடையொன்றில், முதுகு கிழிந்த தடித்த ஆங்கிலத் தேசப்படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் ஊர்ப்பெயர்ச் சுட்டி இருந்தது. மட்டக்களப்புக்கு நேரே 7 பாகை 43 கலை வடக்கு, 81 பாகை 42 கலை கிழக்கு என்று அச்சிட்டிருந்தார்கள். வழி போடும் பிள்ளைக்கு வேண்டியது இதுதான். மலிவான புத்தகங்களின் சுட்டியில் பக்க எண்ணும் கட்டத்தின் எழுத்தும் மட்டும் இருக்கும். அதை வைத்து ஊரைத் தேடிப் பிடிக்கலாம், அங்கிருந்து புறப்பட முடியாது. பாகையும் கலையும் இருந்தால் ஒரு பக்கத்தில் விட்ட வழியை இன்னொரு பக்கத்தில் அதே இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

அன்றிரவு நாங்கள் மட்டக்களப்பின் அகலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு கிழக்கே புறப்பட்டோம். எங்கள் கோடு அச்சில் இல்லை. ஆசியப் பக்கத்தில் பத்துப் பாகைக்கு ஒரு கோடுதான் இருந்தது. மத்திய கோட்டுக்கும் 10 பாகைக் கோட்டுக்கும் இடையில், முக்கால் பங்கைச் சற்றே தாண்டிய இடத்தில் நம்முடைய ஊர் இருக்கிறது. நான் அவசரப்பட்டு மட்டக்களப்பில் அடிமட்டத்தை வைத்து, பக்கத்தின் கீழ் விளிம்புக்குச் சமாந்தரமாக நீளக் கோடு இழுத்துக் கொடுத்தேன். அது பிலிப்பைன்ஸ் பக்கம் போனபோது மிண்டனாவோத் தீவைத் தொடாமல் தெற்கே கடலில் விழுந்தது. மகள்தான் பிழையைக் கண்டாள். "அப்பா, புத்தகத்தில் உள்ள கோடுகள் வளைகின்றன, உங்களுடைய கோடு வளையவில்லை" என்றாள். உருண்டையான பூமியைத் தாளில் விரிக்கும்போது, ஆசியா போன்ற பெரிய நிலப்பரப்பின் பக்கத்தில் அகலக்கோடுகள் வில்லாக வளைந்துதான் வரும். நடுவில் தாழ்ந்து இரு ஓரங்களிலும் மேலே ஏறும். நான் இழுத்த நேர்கோடு அகலக்கோடே அல்ல.

அதனால் வேறு விதமாகச் செய்தோம். அச்சிட்ட ஒவ்வொரு நெடுங்கோட்டிலும் மத்திய கோட்டிலிருந்து 10 பாகைக் கோடு வரை உள்ள தூரத்தை அளந்தோம். 26 மில்லிமீற்றர் வந்தால் 20 மில்லிமீற்றரில் பென்சிலால் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளையும் கையால் இணைத்தபோது கோடு தானாக வளைந்து வந்தது. ஆபிரிக்கப் பக்கத்தில் இவ்வளவு சிரமம் இல்லை. மத்திய கோடு அந்தக் கண்டத்தின் நடுவே போவதால் நம்முடைய கோடும் ஏறக்குறைய நேராகவே போகிறது.

கடற்கரையில் கேட்ட கேள்விக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது. முதலில் வருவது நிக்கோபார் தீவுகள். ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் வெறும் கடலுக்குப் பிறகு, அந்தத் தீவுகளுக்கு இடையே கோடு நுழைந்து போகிறது. அடுத்து தாய்லாந்தின் ஃபுக்கெட் தீவின் தென்முனை. பிறகு மிண்டனாவோ. அதற்கப்பால் பலாவுத் தீவுகளை உரசிக்கொண்டு பசிபிக் சமுத்திரத்துக்குள் போனோம்.

அங்கே புத்தகம் முடிந்துவிட்டது. உலகப் படத்தின் வலது விளிம்பில் கோடு அறுந்து இடது விளிம்பில் மறுபடி முளைத்தது. மகளுக்கு அது பிடிக்கவில்லை. உலகம் அங்கே கிழிந்திருப்பது போலத் தெரிகிறது என்றாள். பசிபிக்கை நடுவில் வைத்து வரைந்த தனிப்பக்கம் ஒன்று பின்னால் இருந்ததால் தப்பினோம். மிண்டனாவோவிலிருந்து பனாமா வரை ஏறத்தாழ 17,000 கிலோமீற்றர், சிறு தீவுகளைத் தவிர நிலமே இல்லை. ஆகவே கடையில் நிற்கும்போது பசிபிக் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். உலகப் படத்தை விரித்து நடு மடிப்பையும் பாருங்கள். எங்கள் புத்தகத்தில் கானாவும் வோல்ட்டா ஏரியும் அந்த மடிப்புக்குள் புதைந்து கிடக்கின்றன.

பனாமாவிலிருந்து கொலம்பியா, வெனிசுவேலாவின் சான் கிறிஸ்டோபல் நகரம், கயானா, பிறகு அத்திலாந்திக். ஆபிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் புவாக்கே, நைஜீரியாவில் பெனுவே ஆற்றங்கரையில் உள்ள மக்கூர்டி. சுட்டியில் இந்த ஊர்களுக்கு நேரே 7 பாகையும் நாற்பதுக்கு மேற்பட்ட கலையும் இருப்பதைக் கண்டபோதெல்லாம் மகள் சொந்தக்காரரைக் கண்டதுபோலக் குதித்தாள். அடுத்து வாவு என்ற ஊர். எங்கள் புத்தகத்தில் அது சூடானில் இருந்தது. இப்போது அது தென் சூடானில் இருக்கிறது. 2011 ஆம் ஆண்டு ஜூலையில் அந்த நாடு தனியாகப் பிரிந்தது. எங்கள் புத்தகம் அதற்கு முன்பு அச்சானது என்பதை நம்முடைய கோடே காட்டிக்கொடுத்தது. மகள் சிவப்புப் பென்சிலால் எல்லையைத் தானே வரைந்தாள். புதிய புத்தகம் என்று சொல்லி உங்களிடம் யாராவது விற்றால் முதலில் தென் சூடான் இருக்கிறதா என்று பாருங்கள். எதியோப்பியா, சோமாலியா, அரபிக் கடல் வழியாகச் சிலாபத்துக்கு வடக்கே கரையேறி மறுபடி வீடு வந்து சேர ஏழு இரவுகள் ஆயின. முழுச் சுற்றும் ஏறத்தாழ 39,700 கிலோமீற்றர்.

கைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். எங்கள் வீட்டிலும் கைபேசி இருக்கிறது. அது வழியைத் தானே போட்டுத் தந்துவிடுகிறது. தானே போட வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? ஆங்கிலப் புத்தகம் பிள்ளைக்கு எப்படி விளங்கும் என்றும் கேட்பார்கள். மெல்லிய தமிழ்த் தேசப்படப் புத்தகம் ஒன்றையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். பெயரைத் தமிழில் படித்து, இடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் தேடுகிறாள். தமிழில் இல்லாத பெயர்களைத் தானே பென்சிலால் எழுதிக்கொள்கிறாள். அவற்றில் எழுத்துப்பிழை இருக்கலாம். நான் திருத்துவதில்லை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், நான் ஏழாம் ஆண்டு படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய தேசப்படப் புத்தகம் இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கும், அவர் தரமாட்டார். பிள்ளைகள் அழுக்காக்கிவிடுவார்களாம். கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகில் இருந்த பெயரைப் படித்துவிட்டுப் போவேன். சில வருடங்கள் கழித்து அலமாரியைத் திறந்தபோது கறையான் நடுப்பக்கங்கள் முழுவதையும் தின்றிருந்தது. ஒரு பிள்ளையின் கைகூடப் படாத புத்தகம் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் விட்டுவிடலாம். மகள் தரையில் படுத்துக்கொண்டு மிண்டனாவோவைத் தேடிய நாட்களில் உறவுக்காரப் பெண் ஒருவர் வந்தார். "இதில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு எத்தனை புள்ளி வரும்?" என்று கேட்டார். அவருடைய மகன் தரம் மூன்றிலிருந்தே மூன்று இடங்களுக்கு வகுப்புக்குப் போகிறான். சனி, ஞாயிறும் இல்லை. வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகளின் படங்களைப் பதாகையாகச் சந்தியில் கட்டுகிறோம். தாண்டாத பிள்ளை தினமும் அதன் கீழாகத்தான் நடந்து போகிறது. பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் மகளும் எழுதத்தான் போகிறாள். பத்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் தரையில் படுத்துக் கிடக்க ஒரு மணி நேரமாவது விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பையன் அன்று ஓரமாக நின்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்புக்கு நேரமாகிறது என்று தாய் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

இப்போது மகள் நெடுங்கோட்டில் இறங்கியிருக்கிறாள். தெற்கே போனது சீக்கிரம் முடிந்துவிட்டது. 81 பாகை 42 கலையில் அம்பாறையைத் தொட்டு, குமண பக்கமாகக் கடலுக்குள் இறங்கினால், அந்தாட்டிக்கா வரை 8,000 கிலோமீற்றருக்கு மேல் ஒரு தீவுகூட இல்லை. வடக்கே ராஜமுந்திரியையும் ராய்ப்பூரையும் கடந்து நேபாளத்தில் நிற்கிறாள். அங்கே மலையின் நிறம் கடும் பழுப்பு என்பதால் பென்சில் கோடு தெரியவில்லை. வெள்ளைப் பென்சில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.