'அறிவியல் ஆய்வுக்காக' என்றால் எத்தனை திமிங்கிலம்? ஒப்பந்த வாசிப்பு பற்றிய கேள்வி பதில்

சட்டக் கல்லூரி மாணவி: சொல்லின் சாதாரணப் பொருள் தெளிவாக இருந்தால் அதோடு முடிந்தது. குழப்பம் வந்தால்தான் சூழல், நோக்கம் எல்லாம். சரிதானே சார்?

பாதி சரிம்மா. தொடங்குவது சொல்லில்தான். ஆனால் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களை எப்படிப் படிப்பது என்று சொல்லும் வியன்னா உடன்படிக்கையின் 31-ஆம் விதி சொல், சூழல், நோக்கம் மூன்றையும் படிப்படியாக அடுக்கவில்லை, ஒரே வாக்கியத்தில் சேர்த்தே வைக்கிறது. ஆஸ்திரேலியா ஜப்பான் மீது போட்ட திமிங்கில வழக்கைப் பாருங்கள். 1946 திமிங்கில வேட்டை உடன்படிக்கையின் 8-ஆம் விதிப்படி, அறிவியல் ஆய்வின் பொருட்டுத் திமிங்கிலம் கொல்ல ஒரு நாடு அனுமதி தரலாம். எண்ணிக்கையைத் தனக்குச் சரியெனப் பட்டபடி வரையறுக்கலாம். அப்படியானால் முடிவு எங்கள் கையில் என்றது ஜப்பான். அனுமதி தருவது உங்கள் விருப்பம்தான், ஆனால் கொல்வது ஆய்வின் பொருட்டுத்தானா என்பதை நீங்கள் மட்டும் சொன்னால் போதாது என்றது சர்வதேச நீதிமன்றம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: திமிங்கிலத்தைக் காப்பதுதானே அந்த உடன்படிக்கையின் நோக்கம்? அப்புறம் என்ன விவாதம்?

முகவுரையை முழுதாகப் படியுங்கள் ஐயா. திமிங்கிலங்களைக் காப்பதும் இருக்கிறது, வேட்டைத் தொழிலை ஒழுங்காக வளர்ப்பதும் இருக்கிறது. அதனால் 8-ஆம் விதியைக் குறுக்கியும் படிக்க வேண்டாம், விரித்தும் படிக்க வேண்டாம் என்றது நீதிமன்றம். ஜப்பான் தோற்றது கணக்கில். மூன்று இனங்களுக்கிடையிலான இரைப் போட்டியை ஆராய்வதாகச் சொல்லி, ஆண்டுக்குச் சுமார் 850 மிங்கி, 50 துடுப்புத் திமிங்கிலம், 50 கூன்முதுகு என்று திட்டம் போட்டார்கள். ஏழு பருவங்களில் பிடித்த துடுப்புத் திமிங்கிலம் மொத்தமே 18; கூன்முதுகு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் திட்டத்தை மாற்றவில்லை. சொன்ன ஆய்வுக்கும் செய்த வேட்டைக்கும் பொருந்தவில்லை என்று 2014 மார்ச் 31 அன்று 12-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு.

கடலூர் வாசகர்: கறியைக் கடையில் விற்றார்களே, அது ஒன்று போதாதா?

போதாது. சூழல் என்பது இங்கேதான் வேலை செய்கிறது. அதே விதியின் அடுத்த பத்தி, இப்படிக் கொன்ற திமிங்கிலங்களை முடிந்தவரை பதப்படுத்தியாக வேண்டும் என்கிறது. எனவே விற்றது மட்டுமே குற்றமாகாது. முதல் பத்தியோடு நிறுத்தியவர்களுக்கு இது தெரியாது.

வீட்டு உரிமையாளர்: என் வாடகை ஒப்பந்தத்தில் 'குடும்பத்தினர்' என்று இருக்கிறது. குடித்தனக்காரர் மச்சானையும் வைத்திருக்கிறார். அந்த வியன்னா விதிப்படி வெளியேற்றலாமா?

இது நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களுக்கு. உங்கள் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

ஆய்வு மாணவர்: கொல்லாமல் ஆராயச் சொல்லி, 1946 உடன்படிக்கையின் கீழ் அமைந்த சர்வதேசத் திமிங்கில ஆணையம் பல தீர்மானங்கள் போட்டதே. ஒப்பந்தத்துக்குப் பின் நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டையும் கணக்கில் எடுக்கச் சொல்லும் வியன்னா 31(3)-இன் கீழ் அவற்றைப் பின்வந்த உடன்பாடாக எடுத்திருக்கலாமே?

ஆஸ்திரேலியாவும் அதைத்தான் சொன்னது. ஆனால் பல தீர்மானங்கள் ஜப்பானின் ஆதரவில்லாமல் நிறைவேறியவை என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்புக்கொள்ளாத நாட்டை ஒரு தீர்மானம் எப்படிக் கட்டுப்படுத்தும்? அது நியாயமாகத்தான் எனக்குப் படுகிறது. ஒரு நாடு எதிர்க்காமல் சும்மா இருந்தால் அது சம்மதமாகுமா என்பதில்தான் இன்னும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள்.