தாளின் கீழ் ஓரத்தையும் அனுப்புங்கள்

ஐயா,

எங்கள் அப்பப்பாவின் ஊர் நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் காட்டுக்குள் இருந்தது. ஒரு மைலை ஓர் அங்குலத்தில் காட்டும் பழைய ஓரங்குல வரைபடத் தாளை நண்பர் ஒருவர் படம் பிடித்து அனுப்பினார். அதில் எங்கள் குளம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் 'கைவிடப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. சுற்றிவரக் காடு, ஒரு வீடுகூட இல்லை. அப்பப்பா 1930களில் அங்கே பிறந்தவர். காணி சம்பந்தமான கூட்டமொன்றில் ஒருவர் இதே தாளைக் காட்டி, "இங்கே ஊரே இருந்ததில்லை" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வரைபடம் பொய் சொல்லுமா?

த., வவுனியா

அன்புள்ள த.,

பொய் சொல்லாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். அந்தக் கேள்வியைக் கேட்டவர் உங்கள் அப்பப்பாவும் இல்லை, கூட்டத்தில் தாளைக் காட்டியவரும் இல்லை.

முதலில் வயதைப் பார்ப்போம். இலங்கை முழுவதையும் 72 தாள்களில் அடக்கிய ஓரங்குல வரிசையை நில அளவைத் திணைக்களம் 1890களின் பிற்பகுதியில் தொடங்கி 1920களில் முடித்தது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஆண்டுகள் இருக்கும். அவற்றில் அளந்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. மறு அச்சின்போது புதிய வீதியையும் பாலத்தையும் சேர்ப்பார்கள். அதற்காகக் காட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு குடிசையையும் போய்ப் பார்த்து வருவதில்லை. அதனால் ஒரே தாளில் வீதி ஒரு காலத்தையும் காடு இன்னொரு காலத்தையும் காட்டும். உங்கள் தாளில் அந்தப் பக்கம் அளக்கப்பட்டது 1910களில் என்றால், 1930களில் பிறந்த ஒருவரைப் பற்றி அதனிடம் கேட்பதில் பொருளில்லை.

ஓரம் கிழிந்து போயிருந்தால் தாளின் உள்ளேயே சாட்சி தேடலாம். வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணம் போகும் ரயில்பாதை 1905இல் திறந்தது. அது வரையப்பட்டிருந்தால் அச்சு அதற்குப் பிந்தியது. மேற்கே துணுக்காய்ப் பக்கத் தாள் கையில் கிடைத்தால் வவுனிக்குளத்தைப் பாருங்கள். நெடுங்காலம் உடைந்து கிடந்த பெருங்குளம் அது. 1950களில்தான் திருத்தினார்கள். அது அந்தத் தாளில் எப்படி நிற்கிறது என்பதே ஒரு தேதி முத்திரை.

சரி, வீடு ஏன் இல்லை? அளவுத்திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அங்குலம் ஒரு மைல் என்றால் நிலத்தில் 63,360 அங்குலம் தாளில் ஓர் அங்குலமாகச் சுருங்குகிறது. கால் ஏக்கர் வளவு ஒன்று, ஏறக்குறைய 32 மீற்றர் சதுரம், தாளில் அரை மில்லிமீற்றர்தான். அதற்குள் இருக்கும் மண்குடிசையை உள்ளபடி வரையவே முடியாது. அடையாளப் புள்ளி வைக்கலாம். வைப்பதா வேண்டாமா என்பது வரைகிறவரின் தீர்ப்பு. 300 மீற்றர் நீளமான குளக்கட்டோ தாளில் ஐந்து மில்லிமீற்றர் அளவுக்கு வரும். கண்ணுக்குத் தெரியும் கோடு அது. குளக்கட்டில் மரத்தடியில் சூலம் நட்டுப் பொங்கல் வைக்கும் ஐயனாருக்கு இந்தத் தாளில் இடமே கிடையாது.

ஆனால் எல்லாவற்றையும் அளவின் தலையில் போட்டுவிட முடியாது. அந்தத் தாளை விரித்துவைத்து வேலை செய்தவர்கள் யார் என்று யோசியுங்கள்: வரி பார்க்கும் கச்சேரி, வீதி போடுகிறவர்கள், 1900இல் தனித் திணைக்களமாக உருவான நீர்ப்பாசனத்துக்காரர்கள். பொறியியலாளருக்கு உடைந்த குளக்கட்டு ஒரு சொத்து. எங்கே பழைய கட்டு இருக்கிறது, திருத்தினால் எவ்வளவு வயலுக்குத் தண்ணீர் பாயும் என்பது அவர் கேள்வி. அவர் பாஷையில் 'கைவிடப்பட்டது' என்றால் கட்டு உடைந்து பாசனம் நடக்காத குளம் என்று பொருள். அங்கே மாடு மேய்த்தார்களா, பக்கத்தில் சேனை வெட்டினார்களா, மழை நல்லாய்ப் பெய்த வருடம் குளத்தின் வயிற்றுக்குள்ளேயே காலபோகம் விதைத்தார்களா என்பதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

'காடு' என்ற குறிக்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ குடியிருப்பும் பயிரும் இல்லாமலோ கிடக்கும் நிலம் முடிக்குரியது என்று கொண்டது. அப்படியில்லை, தன்னுடையது என்றால் சொந்தம் கொண்டாடுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 1897இல் தரிசு நிலங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. சேனை நிலமோ ஒரு வருடம் வெட்டி எரித்துக் குரக்கன் விதைத்துவிட்டுப் பல வருடம் காடு மூட விடுவது. ஓய்வெடுக்கும் சேனைக்கும் முடிக்குரிய காட்டுக்கும் நடுவே கோடு போட்டுத்தர அந்த ஆட்சிக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. அளவையாளர் சூழ்ச்சி செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் வெயிலில் சங்கிலி இழுத்தவர், வன்னிக் காய்ச்சலுக்குப் பயந்தவர். அவர் கண்ணில் பட்டது பற்றைக்காடு, காடு என்றே போட்டார்.

ஆகவே ஒரே தாள் குளக்கட்டை நுணுக்கமாகவும் மனிதரை அலட்சியமாகவும் காட்டும். மண்ணைப் பற்றி அது சொல்வதை நம்புங்கள். ஆட்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாமல் இருப்பதைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டார்கள். புளியும் புலியும் அதில் ஒன்றுதான். இளவயதில் நான் ஒரு தாளில் பெயரைப் பார்த்துவிட்டு, புலிக் கதை ஒன்று கேட்கலாம் என்று ஒரு ஊருக்குப் போனேன். அங்கிருந்த ஆச்சி சிரித்துவிட்டுப் பெரிய புளியமரத்தைக் காட்டினார். உங்கள் குளத்தின் பெயரை அப்பம்மா, பெரியம்மா யாராவது சொல்லக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தத் தாளைத் தனியாக வாசிக்காதீர்கள். 1871 முதல் 1931 வரை பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசன மதிப்பு எடுத்தார்கள். ஊர்வாரியான பட்டியல் உள்ள தொகுதிகளில் பெயரைத் தேடுங்கள். வரைபடம் 'காடு' என்ற இடத்தில் பட்டியல் முப்பது பேரைக் காட்டினால், அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசமே உங்கள் பதில். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருந்த உதவி அரசாங்க அதிபர்கள் சுற்றுப்பயண நாட்குறிப்பு எழுதினார்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். எந்தக் குளத்துக் கட்டை ஊரார் கட்டினார்கள், யார் வந்து முறையிட்டார்கள் என்பதெல்லாம் அப்படிப்பட்ட குறிப்புகளில் வரும். காணி நிர்ணயத்தின்போது வரைந்த கிராமப் படங்கள், நம் ஆட்கள் எப்.வி.பி. என்று சொல்வது, இன்னும் பெரிய அளவுத்திட்டம். அதில் துண்டுகளும் உரிமை கோரியவர் பெயர்களும் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கூகுள் எர்த்தில் பழைய தாளைப் பொருத்திப் பார்க்க நினைத்தால் ஆற்று வளைவை வைத்துப் பொருத்தாதீர்கள். ஆறு இடம் மாறும். குளக்கட்டின் இரண்டு முனைகளையும் பழைய பாலங்களையும் பிடியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்கக்கூடாது. 'கைவிடப்பட்டது' என்ற சொல், முன்னர் யாரோ அந்தக் குளத்தைக் கட்டினார்கள் என்பதைச் சொல்கிறது. கூட்டத்தில் அதைக் கேளுங்கள். ஆனால் கட்டியது யார், விட்டுப்போனது ஐம்பது வருடம் முன்னரா எண்ணூறு வருடம் முன்னரா என்று அது சொல்லாது. அது உங்கள் அப்பப்பாவின் குளம் என்பதற்கும் அந்தத் தாள் சாட்சி அல்ல. அதற்கு உறுதி, ஒப்பம், பள்ளிக்கூட இடாப்பு, பிறப்புச் சான்றிதழில் எழுதிய இடம் என்று வேறு கடதாசிகள் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் நண்பர் குளத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார். தாளின் கீழ் ஓரம் முழுவதையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஆண்டுகளைப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசுவோம்.