பெயர் சொல்லாத தகவலாளர்: கேள்விகளும் பதில்களும்

மணிமாறன்: டெண்டர் மதிப்பெண் பட்டியல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கொடுத்தவர் மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர். 'குழு உறுப்பினர் ஒருவர்' என்று எழுதலாமா சார்?

எழுதாதீர்கள். எத்தனை பேருக்கு அந்த வர்ணனை பொருந்தும் என்று முதலில் எண்ணுங்கள். குழுவில் ஐந்து பேர் என்றால் சந்தேகப் பட்டியலில் ஐந்து பெயர்தான் இருக்கும். அவர் கூட்டத்தில் ஆட்சேபித்ததையும் செய்தியில் சேர்த்தால் ஒருவராகிவிடும், ஏனென்றால் கூட்டக் குறிப்பில் அது பதிவாகியிருக்கும்.

'மதிப்பீட்டு ஆவணங்களைப் பார்த்த ஒருவர்' என்று எழுதினால் கணக்குப் பிரிவு, தணிக்கை, தட்டச்சர், கோப்பைக் கையாண்ட உதவியாளர் என்று வட்டம் விரிகிறது. விஷயத்தை அவர் எப்படி அறிந்தார் என்பதும் வாசகருக்குத் தெரிகிறது. 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' அதைச் சொல்லாது. அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

வட்டத்தை விரிக்கலாம், பொய் சொல்லக் கூடாது. 2003-இல் அமெரிக்கத் துணை அதிபரின் தலைமை அதிகாரி லிபியை 'நாடாளுமன்ற முன்னாள் ஊழியர்' என்று குறிப்பிட நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜூடித் மில்லர் ஒப்புக்கொண்டார். லிபி ஒருகாலத்தில் அங்கே வேலை பார்த்தவர்தான். ஆனால் பேசுவது வெள்ளை மாளிகைத் தரப்பு என்பதை அந்த வர்ணனை மறைத்துவிடும்.

செல்வி: சார், பட்டியல் அசலா என்று டெண்டர் விட்ட நிறுவனத்திடமே அனுப்பிக் கேட்டால் என்ன?

இந்தத் துறையில் ஆட்களைச் சிக்கவைக்கும் இடம் இதுதான். 2017-இல் இன்டர்செப்ட் என்ற செய்தித் தளத்துக்கு அமெரிக்க உளவு ஆவணம் ஒன்று தபாலில் வந்தது. அனுப்பியவர் யாரென்று தளத்துக்கே தெரியாது. சரிபார்ப்பதற்காக அதன் நகலை அரசுத் தரப்பிடம் காட்டினார்கள். தாளில் மடிப்புக் கோடு இருந்ததால் அச்சிட்டு வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று புலனாய்வாளர்கள் ஊகித்தார்கள். அச்சிட்டவர்கள் ஆறே பேர். அதில் ரியாலிட்டி வின்னர் என்பவர் மட்டும் அலுவலகக் கணினியிலிருந்து அந்தத் தளத்துக்கு வேறொரு விஷயமாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை.

பாரி: அதனால்தான் சொல்கிறேன், ஆவணத்தை யாருக்கும் காட்டக்கூடாது. ஆளை நம்பினால் போதும்.

காட்டக்கூடாது என்பது சரி. நம்பினால் போதும் என்பது தவறு. அவர் நல்லவராக இருந்தும் அவர் கைக்கு வந்த தாள் போலியாக இருக்கலாம்.

மணிமாறனின் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். வென்ற நிறுவனமும் தொகையும் வெளியான அறிவிப்போடு ஒத்துப்போகிறதா? கையெழுத்திட்ட தேதியில் அந்த அதிகாரி அந்தப் பதவியில் இருந்தாரா? கோப்பு எண்ணின் அமைப்பு அதே பிரிவின் மற்ற கோப்புகளைப் போலிருக்கிறதா? மதிப்பெண்களின் கூட்டல் சரியா? இவற்றை வெளியிலிருந்தே பார்க்கலாம். பிறகு தோற்ற நிறுவனத்திடம் அவர்களுக்குச் சொல்லப்பட்ட மதிப்பெண்ணைக் கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்களிடம் உள்ள எண்ணை வாய்விடாதீர்கள்.

கடைசியாகத்தான் டெண்டர் விட்ட நிறுவனத்திடம் போக வேண்டும். 'தொழில்நுட்ப மதிப்பெண் பின்னர் மாற்றப்பட்டதா?' என்று உங்கள் சொற்களில் கேளுங்கள்.

பாரி: அப்படியானால் தட்டச்சு செய்து முழுதாக வெளியிடலாமே? மடிப்பும் இல்லை, பிரிண்டர் தடயமும் இல்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு சொல், ஒரு கமா மாற்றி நகல் கொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. தட்டச்சு செய்தாலும் அந்தக் கமா உங்களோடு வந்துவிடும். வரிக்கு வரி மேற்கோள் வேண்டாம், தகவலை மட்டும் எடுங்கள். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இங்கேயும் பொருந்தும்.

கதிர்: வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் போதுமா?

போதாது. அவர் போனிலேயே உரையாடலை மேலும் கீழும் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள்.

ரஹீம்: இரண்டு பேர் சொன்னால் போட்டுவிடலாம்தானே?

இருவருக்கும் அதே மூன்றாமவர் சொல்லியிருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே ஆள். 'நேரில் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?' என்று தனித்தனியே கேளுங்கள்.

தேவி: என் சேனலில் முகம் காட்டாமல் பேசுகிறேன். இது எனக்கும் பொருந்துமா?

இங்கே பேசுவது தகவல் தருபவரைப் பற்றி அம்மா. உங்களுடையது வேறு விஷயம்.

கதிர்: ஃபார்வர்டு செய்த ஸ்கிரீன்ஷாட்?

மேலே பாருங்கள்.

யாழினி: பேட்டி முடிந்ததும் 'பெயர் போடாதீங்க' என்கிறார்களே?

பேசுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியது இது. செய்தித் தொடர்பாளர் பிறகு கேட்டால் நீங்கள் கட்டுப்படத் தேவையில்லை. ஊடகத்திடம் பேசியே பழகாத தொழிலாளி கேட்டால், வேலை போகுமா என்று பார்த்து விட்டுக்கொடுங்கள். பெயரில்லாமல் ஒருவரைத் திட்ட மட்டும் விரும்புகிறவருக்கு முன்பே மறுத்துவிடுங்கள். அதில் சரிபார்க்க எதுவும் இல்லை.

பாரி: வேண்டுமென்றே பொய் சொல்லி நம்மைப் பயன்படுத்தியவர் பெயரையும் காக்க வேண்டுமா?

'தெரிந்தே பொய் சொன்னால் இந்த வாக்குறுதி செல்லாது' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் நிலை.

மணிமாறன்: எனக்கு உடன்பாடில்லை சார். தெரிந்தே சொன்னாரா, ஏமாந்து சொன்னாரா என்று யார் முடிவு செய்வது? அந்த நிபந்தனையைக் கேட்டால் என் ஆள் பட்டியலையே தந்திருக்க மாட்டார்.

அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் அந்த முடிவை நிருபர் தனியாக எடுக்கக் கூடாது என்கிறேன். பெயரை அறிந்த எடிட்டர் ஒருவராவது உடன் இருக்க வேண்டும், அப்படி ஒருவருக்குப் பெயர் தெரியும் என்பதைத் தகவலாளரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.