டியூஷன் கட்டண உயர்வு: பெற்றோருக்கு ஒரு செய்தி

அன்புள்ள ஐயா,

திருச்சியில் என் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வாரம் மூன்று வகுப்பு, மாதம் 1500 ரூபாய். ஜூனிலிருந்து 1800 ஆக்கலாம் என்று பெற்றோருக்கு வாட்ஸப்பில் அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன்: “விலைவாசி உயர்வு காரணமாக அடுத்த மாதம் முதல் ஃபீஸ் உயர்த்தப்படுகிறது. லீவு போட்டாலும் முழு ஃபீஸ் கட்ட வேண்டும். ஒத்துழைப்புக்கு நன்றி.” படித்தால் எனக்கே கறாராகத் தெரிகிறது. எப்படித் திருத்தலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கறார் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்துவது, தொகையும் மாதமும் செய்தியில் இல்லாததுதான். ‘அடுத்த மாதம்’ என்பதை மே 28 அன்று படிப்பவர் ஜூன் என்று எடுத்துக்கொள்வார். ஜூன் 2 அன்று படிப்பவர் ஜூலை என்று நினைப்பார். மாதத்தின் பெயரை எழுதிய பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. சில வீடுகளில் மாதத் தொடக்கத்திலேயே பணம் கொடுத்துவிடுவார்கள், சில வீடுகளில் மாதம் முடிந்துதான் கொடுப்பார்கள் என்பதால், மே மாதப் பணத்தை ஜூன் 5 அன்று கொண்டுவருபவர் எந்தக் கட்டணத்தைத் தரவேண்டும் என்ற கேள்வி எழும். எந்த மாத வகுப்புகளுக்கான கட்டணம் என்று எழுதிவிட்டால் அதற்கு இடமில்லை.

‘லீவு போட்டாலும்’ என்பதில் யாருடைய லீவு என்பதும் தெரியவில்லை. பிள்ளை வராத நாளிலும் நீங்கள் நேரம் ஒதுக்கிக் காத்திருக்கிறீர்கள், அதற்குக் கட்டணம் கேட்பது நியாயம். நீங்களே எடுக்காத வகுப்புக்குக் கேட்பது நியாயமாகாது. விட்ட பாடத்தைத் தனித்தனியாக எடுப்பதாக மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், வாரம் முழுவதும் அதிலேயே போய்விடும். எல்லோருக்குமாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம். ஜூன் மாத வகுப்புகளிலிருந்து கணக்கு டியூஷன் கட்டணம் மாதம் 1500 ரூபாயிலிருந்து 1800 ரூபாயாகிறது. மே வரையிலான பாக்கிக்குப் பழைய கட்டணமே. புதிய கட்டணம் அடுத்த ஏப்ரல் வரை மாறாது. பிள்ளை வராத நாளுக்குக் கட்டணம் குறையாது. முந்தைய நாள் மாலைக்குள் தெரிவித்தால், அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வகுப்பில் விட்ட பாடத்தைச் சொல்லித் தருவேன். என்னால் எடுக்க முடியாத வகுப்பை வேறு நாளில் எடுப்பேன். அதுவும் இயலாவிட்டால் வகுப்புக்கு 150 ரூபாய் அடுத்த மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம்.”

மாதம் 12 வகுப்பு என்று வைத்து 1800-ஐ வகுத்ததுதான் அந்த 150. சில மாதங்களில் 13 அல்லது 14 வகுப்பு வரும், பொங்கல், தீபாவளி மாதங்களில் குறையும். ஆண்டுக் கணக்கில் அது சரியாகிவிடும் என்பதால் பண்டிகை விடுமுறைக்குக் கழிவு இல்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். விலைவாசியைச் சொல்லவேண்டாம், அது பெற்றோருக்கும் ஏறியிருக்கிறது. நோயில் வாரக்கணக்காகப் படுத்துவிட்ட பிள்ளைக்கு என்ன செய்வது என்பதைச் செய்தியில் எழுதாமல், அந்தப் பெற்றோரிடம் நேரில் பேசி முடிவு செய்யுங்கள்.

மே முதல் வாரத்திலேயே, குழுவில் போடாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக அனுப்புங்கள்.