வெர்னியர், திருகு அளவி படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பயிற்சித் தாளில் வெர்னியர் அளவியின் இரண்டு படங்கள். பொருளைப் பிடித்திருக்கும் படத்தில் வெர்னியரின் சுழி 2.3 செ.மீ.க்கும் 2.4 செ.மீ.க்கும் இடையில் இருக்கிறது, ஏழாவது கோடு ஒன்றிப் போகிறது. தாடைகள் மூடியிருக்கும் படத்தில் எட்டாவது கோடு ஒன்றிப் போகிறது. 2.37இல் 0.08ஐக் கழித்து 2.29 என்று எழுதினேன். விடை 2.39 என்று போட்டிருக்கிறார்கள். எப்படி?

விடை சரிதான். நீங்கள் எட்டு என்ற எண்ணைப் பார்த்தீர்கள், வெர்னியரின் சுழி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய மூடிய படத்தில் அது முதன்மைக்கோலின் சுழிக்கு இடப்பக்கம் இருக்கிறது. அதாவது தாடைகள் தொட்டுக்கொண்டிருக்கும்போதே கருவி சுழிக்கும் கீழே காட்டுகிறது. இது எதிர்க்குறி சுழிப்பிழை.

எவ்வளவு கீழே? வெர்னியரின் 10 பிரிவுகள் 9 மி.மீ. நீளம், ஒரு பிரிவு 0.9 மி.மீ. பிழையே இல்லாவிட்டால் எட்டாவது கோடு 7.2 மி.மீ.இல் நிற்கும். உங்கள் படத்தில் அது 7 மி.மீ. கோட்டோடு சேர்ந்திருக்கிறது. ஆகவே வெர்னியர் முழுவதும் 0.2 மி.மீ. இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. 10இலிருந்து 8ஐக் கழித்து 2 பிரிவு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். சுழிப்பிழை −0.02 செ.மீ., சுழித்திருத்தம் +0.02 செ.மீ. அப்புறம் கணக்கு எளிது: முதன்மைக்கோல் அளவு 2.3, வெர்னியர் ஒன்றிப்பு 7 × 0.01 = 0.07, கூட்டினால் 2.37, திருத்தத்தோடு 2.39 செ.மீ.

சுழிப் பகுதி மங்கலாகவோ வெட்டுப்பட்டோ இருக்கும் படங்களும் வரும். அப்போது ஒன்றிப் போகும் கோடு முதன்மைக்கோலின் எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எட்டாவது கோடு 8 மி.மீ. கோட்டோடு சேர்ந்தால் பிழை நேர்க்குறி, +0.08 செ.மீ. அதே எட்டாவது கோடு 7 மி.மீ. கோட்டோடு சேர்ந்தால் எதிர்க்குறி, −0.02 செ.மீ. குறியைத் தீர்மானிக்க இந்த ஒரு கோடே போதும்.

கேள்வி: ஆய்வகத்தில் கைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் 6, 7, 8 மூன்றுமே ஒன்றிப் போவதுபோல் தெரிகிறது. எதை எடுப்பது?

மூன்றில் நடுக்கோட்டை வைத்துக்கொண்டு அதன் இருபக்கமும் பாருங்கள். 7 சரியாக ஒன்றிப் போனால், 6ஆம் கோடு தன் அருகிலுள்ள முதன்மைக்கோல் கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கமும், 8ஆம் கோடு அதே அளவு இடப்பக்கமும் விலகி நிற்கும். விலகல் இருபக்கமும் சமமாக இருந்தால் 7. ஒருபக்கம் கூடுதலாக இருந்தால், விலகல் குறைவான பக்கம் நகருங்கள்.

அடுத்து, வெர்னியரின் சுழியிடம் திரும்பி வாருங்கள். ஒன்றிப்பு 7 என்றால் சுழி 2.3ஐத் தாண்டி முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருக்க வேண்டும். அது 2.3ஐ ஒட்டியே நின்றால், நீங்கள் தேர்ந்த கோடு தவறு. எந்தப் படத்திலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடையை எழுதாதீர்கள்.

ஆனால் படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் இந்த இரண்டு சோதனைகளும் உதவாது. வெர்னியர் முதன்மைக்கோலுக்குச் சற்று மேலே இருப்பதால், பக்கவாட்டில் பார்க்கும்போது அதன் கோடுகள் எல்லாமே ஒரே அளவு நகர்ந்து தெரியும். இடமாறு தோற்றப்பிழை என்பது இதுதான். கோடுகள் அழகாகவே ஒன்றிப் போகும், ஆனால் வேறொரு கோட்டில். படத்தில் தாடையின் பக்கச் சுவர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம். கைபேசியை மிக அருகில் கொண்டுபோகாமல் சற்றுத் தள்ளி நேர் மேலே பிடித்து, ஒன்றிப் போகும் கோடு படத்தின் நடுவில் வரும்படி பெரிதாக்கி எடுங்கள். அருகில் எடுத்தால் ஓரத்துக் கோடுகளைக் கேமரா சாய்வாகத்தான் பார்க்கும்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் கருவியின் வெர்னியரில் 0 முதல் 10 வரை எண்கள் இருந்தாலும், நடுவில் நிறையக் கோடுகள் உள்ளன. 4ஐத் தாண்டி மூன்றாவது கோடு ஒன்றிப் போகிறது. முதன்மைக்கோல் 23 மி.மீ. மீச்சிற்றளவு 0.01 செ.மீ. தானே?

இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் ஐந்து பிரிவுகள், மொத்தம் 50. 1 மி.மீ.ஐ 50ஆல் வகுத்தால் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. பெரும்பாலும் கருவியின் மேலேயே பொறித்திருப்பார்கள். 4 என்று எழுதியிருப்பது உண்மையில் இருபதாவது கோடு, அதிலிருந்து மூன்றாவது 23ஆவது. 23 × 0.02 = 0.46, ஆகவே அளவு 23.46 மி.மீ., சுழிப்பிழை இல்லாவிட்டால்.

கேள்வி: மீட்டர் சமனச்சுற்றில் கம்பியின் மின்தடை எண் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வருகிறது. சமன்செய் நீளங்களை மறுபடி எடுத்தும் மாறவில்லை. திருகு அளவியின் படங்களை அனுப்பியுள்ளேன்.

காரணம் படங்களிலேயே இருக்கிறது. கம்பி பிடித்த படத்தில் புரிக்கோல் அளவு 0, தலைக்கோல் ஒன்றிப்பு 41. உங்கள் கருவியின் புரியிடைத் தூரம் 1 மி.மீ., தலைக்கோலில் 100 பிரிவுகள், எனவே மீச்சிற்றளவு 0.01 மி.மீ. விட்டம் 0.41 மி.மீ. என்று அப்படியே பயன்படுத்திவிட்டீர்கள்.

மூடிய படத்தில் 95ஆவது பிரிவு புரிக்கோலின் கிடைக்கோட்டில் நிற்கிறது, தலைக்கோலின் சுழி அதற்கு மேலே இருக்கிறது. பிழை −5 பிரிவு, திருத்தம் +0.05 மி.மீ. சரியான விட்டம் 0.46 மி.மீ. கம்பிச் சுருளில் 26 எஸ்.டபிள்யூ.ஜி. என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த அளவுக் கம்பியின் விட்டம் 0.457 மி.மீ., ஆகப் பொருந்துகிறது.

0.05 மி.மீ.க்கு இத்தனை விளைவா என்று தோன்றலாம். மின்தடை எண்ணில் ஆரத்தின் இருமடி வருகிறது. 0.41ஐ 0.46ஆல் வகுத்து இருமடியாக்கினால் சுமார் 0.79. நீங்கள் இழந்த ஐந்தில் ஒரு பங்கு அதுதான். மெல்லிய கம்பிக்குச் சுழித்திருத்தம் போடாவிட்டால் மற்ற அளவீடுகளை எவ்வளவு கவனமாக எடுத்தாலும் பயனில்லை.

கேள்வி: எஃகுக் குண்டின் படத்தில் புரிக்கோலின் 5ஆம் கோடு லேசாகத் தெரிகிறது, தலைக்கோல் 97. விடை 5.97 மி.மீ.யா?

4.97 மி.மீ. தலைக்கோல் 97 என்றால் அந்தச் சுற்று முடிய இன்னும் மூன்று பிரிவுகள் பாக்கி. 5ஐ உண்மையில் கடந்திருந்தால் தலைக்கோல் 0, 1, 2 என்று தொடங்கியிருக்கும். கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு, அதனால்தான் முன்கூட்டியே எட்டிப் பார்க்கிறது. 5.97 என்றால் தலைக்கோலின் விளிம்பு 6ஆம் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும், உங்கள் படத்தில் 5ஐ ஒட்டித்தான் நிற்கிறது. சுழித்திருத்தத்தை இதற்குப் பிறகு சேருங்கள்.

கேள்வி: நான்கு அளவுகளின் சராசரி 2.3925 செ.மீ. என்று வருகிறது. அப்படியே எழுதலாமா?

0.01 செ.மீ. வரை மட்டும் காட்டும் கருவி என்றால் 2.39 செ.மீ. என்று எழுதுங்கள்.